1.72 கிலோ பாப்பா, வீட்ல கங்காரு எப்டி பண்றது? ஒரு வாரத்துல 40 கிராம் தான் ஏறிருக்கு

முல்லைக்கொடி | நவம்பர் 9, இரவு 11.20

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு அக்டோபர் 15ல சிசேரியன்ல பொண்ணு பொறந்தா, 33 வாரம் தான் ஆச்சு, பிபி ஏறிடுச்சுன்னு எடுத்துட்டாங்க. பொறந்தப்போ 1.62 கிலோ. 18 நாள் ஆஸ்பத்திரில வார்மர்ல வச்சிருந்து நவம்பர் 2 டிஸ்சார்ஜ் பண்ணாங்க, அப்போ 1.68. இன்னிக்கு செக்கப் போனோம், 1.72 தான் இருக்கா. ஒரு வாரத்துல 40 கிராம். டாக்டர் மூஞ்சியே மாறிடுச்சு, "கங்காரு பண்றீங்களா இல்லயா"ன்னு கேட்டாங்க, அதான் குழந்தைய நெஞ்சோட ஒட்டி வச்சுக்கறது, நான் பண்றேன்னு தான் சொன்னேன், ஆனா நான் பண்றது சரியான்னு எனக்கே தெரில. ஆஸ்பத்திரில ரெண்டு தடவ தான் சேர்ல உக்கார வச்சு நெஞ்சுல போட்டு காமிச்சாங்க, கூட்டமா இருந்துச்சு, எனக்கும் தையல் வலி, ஒண்ணும் மனசுல நிக்கல.

இப்ப வீட்ல காலைல ஒரு மணி நேரம் சாயங்காலம் ஒரு மணி நேரம் போடுறேன். மீதி நேரம் நல்லா ரெண்டு துணி சுத்தி தூளில போட்டுடுவோம். மாமியார் குழந்தைய அப்டியே வெறும் ஒடம்போட வச்சா மழைல சளி பிடிச்சிரும்னு சொல்றதால சட்டை போட்டு தான் நெஞ்சுல வைக்கிறேன். எங்க ஊர்ல அஞ்சு நாளா விடாத மழை. கழுத்து தொங்குமோன்னு பயத்துல கையாலயே பிடிச்சிட்டு இருப்பேன், அர மணி நேரத்துல கை விட்டுப் போயிடும். யாராவது ஸ்டெப் ஸ்டெப்பா சொல்லுங்களேன் ப்ளீஸ்.

கோவை_ரேணு | நவம்பர் 9, இரவு 11.48

கவலப்படாதீங்கமா. நான் கங்காரு பேக் ஆன்லைன்ல வாங்கினேன், முன்னாடி மாட்டிக்கிற மாதிரி பெல்ட் வச்சது, ரொம்ப யூஸ்ஃபுல், கடைக்கு போறப்பல்லாம் பையன அதுல தான் வச்சிட்டு போவேன். கை வலியே இருக்காது. நாலஞ்சு கலர் இருக்கு.

சுகுமார்75 | நவம்பர் 10, காலை 6.05

ஒரு தடவ போட்டா ஒரு மணி நேரத்துக்கு குறையாம போடணும், இத எங்க மருமகளுக்கு ஆஸ்பத்திரில தெளிவா சொன்னாங்க. ஒரு நாளைக்கு மூணு தடவ போதும். மீதி நேரத்துக்கு தூளிக்கு மேல 60 வாட்ஸ் குண்டு பல்பு ஒண்ணு தொங்க விட்டுடுங்க, ஆஸ்பத்திரில இருக்குற வார்மரும் அதே தத்துவம் தான். மழைக்காலத்துக்கு ரொம்ப நல்லது.

நர்ஸ்_அக்கா | நவம்பர் 10, காலை 7.30

முல்லை, நான் பச்சிளம் குழந்தைகள் வார்டுல 11 வருஷமா டூட்டி பாக்குறேன். நைட் முடிச்சிட்டு வந்து தான் படிச்சேன், தூங்கறதுக்கு முன்னாடி எழுதிடறேன்.

மொதல்ல ரேணு சொன்ன பேக் வேண்டாம். அது கழுத்து நின்ன, நல்லா வெயிட் போட்ட குழந்தைக்கு. உங்க பாப்பாவ அதுல வச்சா கழுத்து மடங்கி தாடை நெஞ்சுல இடிக்கும், மூச்சுக் குழாய் நசுங்கும். சுகுமார் சார், ஒரு மணி நேரத்துக்கு குறையக் கூடாதுன்றது ரொம்ப சரி, ஏன்னா எடுத்து வைக்க எடுத்து வைக்க இந்த குழந்தைங்களுக்கு தூக்கம் கெட்டு சக்தி தான் வீணாகும். ஆனா மூணு மணி நேரம் பத்தாது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரமாவது வேணும், அதுக்கு மேல எவ்ளோ முடியுதோ அவ்ளோ. பல்பு வேண்டவே வேண்டாம் சார். வார்மர்ல குழந்த தோல்ல ஒரு சின்ன ப்ரோப் ஒட்டியிருப்போம், சூடு ஏறுனா மெஷினே கொறச்சிடும். பல்புக்கு அது தெரியாது. ஒரு பக்கம் கொதிச்சு ஒரு பக்கம் சில்லுனு இருக்கும். சுடுதண்ணி பாட்டில் பக்கத்துல வச்சு தோல் வெந்து வந்த குழந்தைய நான் பாத்திருக்கேன்.

முல்லை, எப்டி போடணும்னு சொல்றதுக்கு முன்னாடி எனக்கு மூணு விஷயம் சொல்லுங்க. ராத்திரி எத்தன மணிக்கெல்லாம் பால் குடுக்குறீங்க? தூளில இருக்கும்போது உள்ளங்கால தொட்டா எப்டி இருக்கு, வயித்த தொட்டா எப்டி இருக்கு? டிஸ்சார்ஜ் கார்டுல கண் டெஸ்ட்னு ஒரு தேதி எழுதியிருக்கா?

முல்லைக்கொடி | நவம்பர் 10, காலை 10.15

அக்கா ரொம்ப நன்றி. ராத்திரி 11 மணிக்கு குடுத்தா அப்புறம் அவளா 4 மணிக்கு தான் முழிப்பா. தூங்குற குழந்தைய எழுப்பக்கூடாதுன்னு வீட்ல சொல்றாங்க. பகல்ல கேக்கறப்போ மார்ல போடுவேன், அஞ்சு நிமிஷம் சப்பிட்டு தூங்கிடுவா. கார்டுல 2 மணிக்கு ஒரு தடவ 24 மில்லின்னு எழுதிருக்கு, பாலாடைல குடுக்கணும்னு, ஆனா மார்லயே குடிக்கிறாளேன்னு விட்டுட்டேன்.

கால் இப்ப தான் தொட்டுப் பாத்தேன். வயிறு கதகதன்னு இருக்கு, உள்ளங்கால் சில்லுனு இருக்கு அக்கா. சாக்ஸ் போட்டும்.

கண் டெஸ்ட் கார்டு பின்னாடி பக்கத்துல இருந்துச்சு, நான் பாக்கவே இல்ல. நவம்பர் 12னு போட்டிருக்கு. கண்ணு நல்லா தானே இருக்கு, எதுக்கு அது?

நர்ஸ்_அக்கா | நவம்பர் 10, மதியம் 2.40

உங்க 40 கிராமுக்கு காரணம் நீங்களே எழுதிட்டீங்க.

வயிறு சூடா கால் சில்லுனு இருந்தா குழந்த குளிரோட போராடிட்டு இருக்குன்னு அர்த்தம். பெரியவங்க மாதிரி நடுங்கத் தெரியாது. உள்ள இருக்குற கொஞ்சூண்டு கொழுப்ப எரிச்சு தான் சூடு உண்டாக்கும். நீங்க குடுக்குற பால் வெயிட்டா மாறாம சூடா எரிஞ்சு போகுது. அதுக்கு மேல ராத்திரி அஞ்சு மணி நேரம் வயிறு காலி. குளிர்ந்த குழந்த நல்லா சப்பாது, அசந்து தூங்கும், நாம அத நல்ல தூக்கம்னு நெனச்சுக்குவோம். துணி எத்தன சுத்துனாலும் துணிக்கு தனியா சூடு கெடயாது, குழந்த ஒடம்புல இருக்குற சூட்ட காப்பாத்த தான் தெரியும். உங்க நெஞ்சுல தான் சூடு உற்பத்தி ஆகுது. நடுவுல சட்டை இருந்தா அது வந்து சேராது.

வயிறு, கால் ரெண்டுமே சில்லுனு இருந்தா மட்டும் காத்திருக்காதீங்க, உடனே நெஞ்சுல போட்டுக்கிட்டே ஆஸ்பத்திரி கிளம்பணும். அக்குள்ல தெர்மாமீட்டர் வச்சா 97.7ல இருந்து 99.5 வரைக்கும் இருக்கணும்.

இப்ப எப்டி போடுறதுன்னு சொல்றேன், பக்கத்துல ஒருத்தர வச்சுட்டு படிக்கச் சொல்லி செய்ங்க.

முன்னாடி திறக்குற நைட்டி இல்ல ஜாக்கெட் போட்டுக்கோங்க, உள்ளாடை வேண்டாம். நகம் வெட்டி கை கழுவிட்டு, செயின், மோதிரம், சேஃப்டி பின் எல்லாம் கழட்டிடுங்க. சென்ட், பவுடர் போடாதீங்க. பால் குடுத்து முடிச்சு, நாப்கின் மாத்தி, நீங்களும் பாத்ரூம் போயிட்டு வந்து ஆரம்பிச்சா நடுவுல எழுந்திரிக்க வேண்டி வராது. பாப்பாவுக்கு குல்லா, சாக்ஸ், நாப்கின் மட்டும். சட்டை போட்டே ஆகணும்னா கை இல்லாத, முன்பக்கம் முழுசா திறந்த சட்டை போடுங்க, நெஞ்சும் வயிறும் உங்க தோல்ல ஒட்டணும்.

சாய்வா உக்காந்துக்கோங்க. ஒரு கை பிடரிலயும் முதுகுலயும் குடுத்து, விரல் நுனி தாடைக்கு கீழ வர்ற மாதிரி பிடிங்க, தல பின்னாடியும் சாயாது முன்னாடியும் விழாது. இன்னொரு கை பிட்டத்துக்கு கீழ. ரெண்டு மார்புக்கும் நடுவுல நிமிந்த மாதிரி, நெஞ்சோட நெஞ்சு ஒட்ட வைங்க. தல ஒரு பக்கமா திரும்பி கன்னம் உங்க மேல படணும். தவள உக்காந்த மாதிரி, கால் ரெண்டும் தொடைல விரிஞ்சு முட்டி மடங்கி, கையும் மடங்கி இருக்கணும். குழந்த வயிறு உங்க மேல் வயித்து கிட்ட வரும், நீங்க மூச்சு விடுற அசைவு அதுக்கு படும், மூச்சு விட மறக்குற குழந்தைக்கு அது பெரிய தூண்டுதல்.

அப்புறம் கட்டு. பழைய காட்டன் புடவைய ரெண்டா மடிச்சு, குழந்த முதுகு வழியா கொண்டு போய் உங்க முதுகுல குறுக்கா போட்டு முன்னாடி கொண்டு வந்து பிட்டத்துக்கு கீழ முடிச்சு போடுங்க. துணியோட மேல் விளிம்பு குழந்த காது மடலுக்கு கீழ வரணும். நெஞ்சு பக்கம் கட்டு இறுக்கமா இருக்கணும், நீங்க எழுந்து நின்னாலும் வழுக்கக் கூடாது. வயித்து பக்கம் தளர்வா இருக்கணும், ஏன்னா இந்த குழந்தைங்க வயித்தால தான் மூச்சு விடும். சரியா கட்டிட்டா ரெண்டு கையும் ஃப்ரீ ஆயிடும். உங்க கை வலிக்கு காரணம் கட்டாம பிடிச்சிட்டிருந்தது தான்.

கட்டி முடிச்சதும் கழுத்த மட்டும் இன்னொரு தடவ பாருங்க. பூவ மோந்து பாக்குறப்போ நம்ம தல எவ்ளோ தூக்குமோ அவ்ளோ லேசா நிமிந்திருக்கணும். தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவுல உங்க ஒரு விரல் போகணும். மூக்கு, வாய் மேல துணி வரக்கூடாது, மூஞ்சி எப்பவும் உங்க கண்ணுல படணும்.

அதே காரணத்துக்காக தூளி வேண்டாம்மா. தூளில முதுகு வளைஞ்சு தாடை நெஞ்சுல போய் ஒட்டும். நெஞ்சுல இல்லாத நேரத்துல தட்டையான மெத்தைல உங்க பக்கத்துல மல்லாக்க படுக்க வைங்க.

கண் டெஸ்ட் 12ம் தேதி கண்டிப்பா போங்க. 2 கிலோவுக்கு கீழயோ 34 வாரத்துக்கு முன்னாடியோ பொறந்த குழந்தைங்களுக்கு விழித்திரைல ரத்தக்குழாய் முழுசா வளந்திருக்காது, சில பேருக்கு அது தப்பா வளந்து பார்வையே போயிடும். வெளில பாத்தா ஒண்ணும் தெரியாது. பொறந்து 30 நாளுக்குள்ள பாத்துட்டா சிகிச்சை குடுக்க நேரம் இருக்கும்.

வடிவு_அத்தை | நவம்பர் 10, மாலை 5.10

எங்க அண்ணன் பொண்ணு எட்டு மாசத்துல பொறந்தா. அப்பல்லாம் வார்மர் ஏது, எங்கம்மா பஞ்சுல சுத்தி மடிலயே வச்சிருந்து ராத்திரி பகலா பாத்துச்சு. இன்னிக்கு அவளுக்கே ரெண்டு பசங்க. அதனால பெரியவங்க சொல்றது எல்லாமே தப்புன்னு நெனக்காதீங்க. தினமும் தேங்காண்ணெய் தேய்ச்சு உருவி விட்டு வெந்நி ஊத்துனா தான் ஒடம்பு தேறும். சாம்பிராணி போட்டா சளி அண்டாது. கொஞ்சூண்டு உரமருந்து குடுங்க.

நர்ஸ்_அக்கா | நவம்பர் 10, இரவு 9.00

அத்தை, உங்கம்மா மடிலயே வச்சிருந்தாங்கன்னு சொன்னீங்க பாருங்க, அந்த பொண்ணு தேறுனதுல அதுக்கு பெரிய பங்கு இருக்குன்னு நான் நெனக்கிறேன். ஆனா குளிப்பாட்டுறது வேண்டாம், ஈர ஒடம்புல சூடு நிமிஷத்துல போயிடும். 2.5 கிலோ ஆகற வரைக்கும் வெதுவெதுப்பான துணியால மடிப்பு மடிப்பா துடைச்சா போதும். சாம்பிராணி புகை இந்த நுரையீரலுக்கு ஆகவே ஆகாது. உரமருந்து, சர்க்கர தண்ணி, தேன் எதுவும் கூடாது, டாக்டர் எழுதுன சொட்டு மருந்து தவிர தாய்ப்பால் மட்டும் தான்.

வடிவு_அத்தை | நவம்பர் 10, இரவு 9.25

எண்ணெய் மட்டும் விட மாட்டேன்மா. அது பழுதில்ல.

நர்ஸ்_அக்கா | நவம்பர் 10, இரவு 9.40

எண்ணெய்ல டாக்டருங்களே ஒரே மாதிரி சொல்றதில்ல அத்தை. சுத்தமான எண்ணெய கை சூட்டுல மெதுவா தடவலாம்னு எங்க வார்டுல ஒரு டாக்டர் சொல்வாங்க, இன்னொருத்தர் இப்ப தொடவே வேண்டாம்பாங்க. உருவுறது, மூக்குல காதுல ஊத்துறது வேண்டாம்னு ரெண்டு பேரும் சொல்வாங்க. முல்லை அவங்க டாக்டர்கிட்ட கேட்டு முடிவு பண்ணட்டும்.

நிலா_அம்மா | நவம்பர் 10, இரவு 11.55

கழுத்து விஷயம் படிச்சதும் எழுதாம இருக்க முடியல. என் பையன் 1.5 கிலோ, போன வருஷம். வீட்டுக்கு வந்த நாலாவது நாள் மத்தியானம் சோபால நெஞ்சுல போட்டுட்டு அசந்துட்டேன், கட்டு போடல, துணிய மேல போத்தியிருந்தேன் அவ்ளோ தான். முழிச்சுப் பாத்தா கீழ வழுக்கி தல முன்னாடி விழுந்து உதடு நீலமா இருந்துச்சு. என்ன பண்றதுன்னு தெரியாம தூக்கி முதுக தேய்ச்சேன், உள்ளங்கால சுண்டுனேன், ஒரு இழுப்பு இழுத்து அழுதான். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம், ரெண்டு நாள் வச்சுப் பாத்தாங்க, வேற எதுவும் இல்ல, கழுத்து மடங்கினது தான்னு சொன்னாங்க. அதுக்கப்புறம் கட்டாம ஒரு நாள் கூட போட்டதில்ல. எனக்கு இப்பவும் சந்தேகம், வெளிநாட்டுல இருக்குற என் தங்கச்சி, குழந்தைய நெஞ்சுல வச்சுட்டு அம்மா தூங்கவே கூடாதுன்னு அங்க சொல்றாங்கன்றா. இங்க ராத்திரியும் போடுங்கன்றாங்க. எது சரி?

நர்ஸ்_அக்கா | நவம்பர் 11, காலை 6.50

நிலா, நீங்க அப்ப செஞ்சது சரி. தூக்கி கழுத்த நேராக்கி, முதுகையும் உள்ளங்காலையும் தேய்க்கணும், நிறம் திரும்பலன்னா 108, திரும்புனாலும் அன்னிக்கே டாக்டர் பாக்கணும். மத்தவங்களுக்காக சொல்றேன், குறைமாச குழந்தைங்க அஞ்சு பத்து செகண்ட் மூச்ச நிறுத்தி மறுபடி வேகமா விடுறது சகஜம், கூடவே நிறம் மாறாம இருக்கணும். 20 செகண்ட் தாண்டினாலோ, உதடு நீலம் வெளுப்புன்னு மாறினாலோ அது வேற. அதே மாதிரி நிமிஷத்துக்கு 60க்கு மேல மூச்சு, விலா உள்ள இழுக்குறது, ரெண்டு வேள பால் தொடர்ந்து வேண்டாம்ங்கறது, உள்ளங்கை உள்ளங்கால் மஞ்சளாகறது, வலிப்பு, காய்ச்சல், இதுல எது வந்தாலும் விடியட்டும்னு காத்திருக்கக் கூடாது.

தூங்குறதப் பத்தி உங்க தங்கச்சி சொல்றதுலயும் நியாயம் இருக்கு. சோபால, கட்டு இல்லாம, அசதில தூங்குறது ஆபத்து தான், உங்களுக்கே நடந்துச்சு. நாங்க சொல்லித் தர்றது வேற. சுவரோரமா மூணு நாலு தலகாணி அடுக்கி முதுக சாய்வா வச்சு, மல்லாந்த நிலைல, கட்டு சரியா போட்டு, அம்மா கண் அயரலாம். தட்டையா படுக்கக் கூடாது, ஒருக்களிச்சு படுக்கக் கூடாது. தூக்க மாத்திரையோ தூக்கம் வர்ற வலி மருந்தோ எடுத்திருந்தா, காய்ச்சல் இருந்தா, ரொம்ப அசந்துட்டா வேற ஆள் மாத்திடணும். வார்டுல நாங்க முழிச்சிட்டு சுத்தி வருவோம். வீட்ல அந்த ஆள் இல்லன்னா ராத்திரி நேரத்த ரெண்டு பேர் பிரிச்சுக்கறது தான் எனக்கு மனசுக்கு நிம்மதியா படுது. இதுல வேற கருத்து உள்ள டாக்டருங்களும் இருக்காங்க.

பாண்டி_அப்பா | நவம்பர் 11, இரவு 8.20

ராத்திரி ஆள் மாத்துறதுக்கு தான் நாங்க இருக்கோமே. எனக்கு ரெட்டைப் பொண்ணுங்க, 1.4, 1.55. ஒண்ணு அவ நெஞ்சுல, ஒண்ணு என் நெஞ்சுல. நெஞ்சுல முடி இருக்கே பரவாயில்லயான்னு வார்டு சிஸ்டர்கிட்ட கேட்டேன், சுத்தமா இருந்தா போதும் சார்னாங்க. வேல முடிச்சு வந்து குளிச்சிட்டு 9 மணிக்கு போட்டா 1 மணி வரைக்கும் என் டூட்டி. சிகரெட்ட அன்னிக்கே விட்டேன், புகை பிடிச்ச மூச்சோட குழந்தைய வைக்கக் கூடாதுன்னு சொன்னாங்க. நடுவுல 11 மணி பால அவ பீச்சி கிண்ணத்துல மூடி வச்சிட்டுப் படுப்பா, நான் கட்ட லேசா தளத்தி நிமித்தி வச்சு பாலாடைல குடுப்பேன். மொதல் நாள் பாதி கீழ சிந்திடுச்சு. வேகமா ஊத்தக் கூடாதுங்க, நுனிய கீழ் உதட்டுல ஓரமா வச்சு கொஞ்சம் கொஞ்சமா விடணும், முழுங்குதான்னு பாத்து அடுத்தது.

முல்லை, உங்க வீட்டுக்காரர் கிட்ட இத காட்டுங்க.

முல்லைக்கொடி | நவம்பர் 12, இரவு 10.05

கண் டெஸ்ட் போயிட்டு வந்தோம். இன்னும் முழுசா வளரல, பயப்பட வேண்டாம், ரெண்டு வாரம் கழிச்சு திரும்ப வாங்கன்னாங்க. அக்கா நீங்க சொல்லலன்னா இத விட்டிருப்போம்.

நேத்துல இருந்து சட்டை இல்லாம புடவை கட்டி போடுறேன். மொத தடவ ஒரு மணி நேரம் கழிச்சு உள்ள கை விட்டு காலத் தொட்டேன், வெதுவெதுன்னு இருந்துச்சு, எனக்கு அழுகையே வந்துடுச்சு. ஆனா மாமியார் இன்னும் ஒத்துக்கல. இன்குபேட்டர் வாங்க வசதி இல்லாத ஊர்க்காரங்க கண்டுபிடிச்சது தானே இது, நமக்கு எதுக்கு, வேணும்னா பெரிய ஆஸ்பத்திரில பணம் கட்டி வச்சிருப்போம்னு சொல்றாங்க. என்ன பதில் சொல்றதுன்னு தெரியல.

தையல் மேல பாப்பா கால் படுமோன்னும் பயமா இருக்கு.

நர்ஸ்_அக்கா | நவம்பர் 13, மதியம் 3.15

உங்க அத்தை சொல்றதுல ஆரம்பம் சரி. 1978ல கொலம்பியா நாட்டு பொகோட்டால எட்கர் ரெய்னு ஒரு டாக்டர், இன்குபேட்டர் பத்தாம ஒரே பெட்டில ரெண்டு மூணு குழந்தைங்கள வைக்க வேண்டிய நிலைமைல, கிருமி தொத்தி குழந்தைங்க போறதப் பாத்துட்டு தான் அம்மா நெஞ்சுல கட்ட ஆரம்பிச்சார். ஆனா அதோட நிக்கல. 2021ல வந்த ஆராய்ச்சி, நம்ம டெல்லி சப்தர்ஜங் ஆஸ்பத்திரியும் நாலு ஆப்பிரிக்க நாடும் சேர்ந்து செஞ்சது, 1 கிலோல இருந்து 1.8 கிலோக்குள்ள உள்ள குழந்தைங்க. பொறந்த உடனேயே நெஞ்சுல போட்ட பக்கம் 28 நாளுக்குள்ள நூத்துக்கு 12 குழந்த இறந்துச்சு, மொதல்ல வார்மர்ல வச்சு நிலையானதும் நெஞ்சுல போட்ட பக்கம் கிட்டத்தட்ட 16. வார்மர் இருந்த ஆஸ்பத்திரிகள்ல தான் இந்த வித்தியாசம். அதப் பாத்து தான் 2022ல உலக சுகாதார நிறுவனம், எடை குறைஞ்ச எல்லா குழந்தைக்கும் முடிஞ்ச வரைக்கும் உடனே ஆரம்பிங்கன்னு சொல்லுச்சு. பணம் கட்டி வச்சாலும் அங்கயும் இதத் தான் செய்யச் சொல்வாங்க.

தையல் பத்தி பயம் வேண்டாம். பாப்பா கால் உங்க தொப்புளுக்கு மேலயே நின்னுடும், தையல் அதுக்கு ரொம்ப கீழ. சாய்வா இருக்கும்போது முட்டிக்கு கீழ ஒரு தலகாணி வச்சா வயிறு இழுக்காது. கட்டிட்டு மெதுவா நடக்கலாம், சாப்பிடலாம், காய் நறுக்கலாம். அடுப்பு பக்கம் போகாதீங்க, குனிஞ்சு எதையும் எடுக்காதீங்க, வண்டில போகாதீங்க.

பால் கணக்கும் சொல்லிடறேன். மார்ல போடுங்க, அத நிறுத்த வேண்டாம். அஞ்சு நிமிஷத்துல தூங்கிட்டா பீச்சுன பால பாலாடைல குடுங்க, கார்டுல இருக்குற 24 மில்லிய மனசுல வச்சுக்கோங்க. ரெண்டு மணிக்கு ஒரு தடவன்னா ராத்திரியும் சேத்து 12 தடவ. எழுப்பணும். சாக்ஸ கழட்டி உள்ளங்கால வருடினா முழிச்சுக்கும். 1.7 கிலோ குழந்த நாளுக்கு 25 கிராம் ஏறணும், வாரத்துக்கு 175 வரும். வீட்ல தராசு வாங்கி தினமும் போடாதீங்க, 10 கிராம் ஏறி இறங்குறதுக்கெல்லாம் அழுதுட்டு இருப்பீங்க. வாரம் ஒரு தடவ, அதே தராசு.

முல்லைக்கொடி | நவம்பர் 16, மாலை 4.30

1.87!! ஒரு வாரத்துல 150 கிராம். டாக்டர் சிரிச்சாங்க.

கணக்கு எழுதி வைக்கிறேன் அக்கா. முதல் நாள் 5 மணி நேரம் தான் வந்துச்சு. இப்ப காலைல 7ல இருந்து 10 நான், மதியம் 2 மணி நேரம் எங்கம்மா, சாயங்காலம் நான் 3 மணி நேரம், ராத்திரி 9ல இருந்து 1 அவர். மொத்தம் 12. அவரு முதல் நாள் மூச்சே விடாம உக்காந்திருந்தாரு, இப்ப போட்டுட்டு போன்ல செய்தி படிக்கிறாரு. ராத்திரி 1 மணிக்கு மேல நான் மார்ல போட்டுட்டு பக்கத்துல படுக்க வச்சிடறேன், கால் சில்லுனு ஆனா மட்டும் மறுபடி எடுத்துக்கறேன்.

ஒரு பிரச்சன, நெஞ்சுல வேர்த்து கொட்டுது, பாப்பா கழுத்துல சின்னச் சின்ன சிவப்பு பொரி வந்திருக்கு.

நர்ஸ்_அக்கா | நவம்பர் 16, இரவு 9.30

வேர்க்குரு மாதிரி தான் தெரியுது, ஆனா சீழ் வச்ச மாதிரி மஞ்சள் தல இருந்தா டாக்டர்கிட்ட காட்டணும். கட்டுத் துணிய தினமும் துவைச்சு வெயில்ல, மழைன்னா இஸ்திரி போட்டு காய வைங்க, மூணு நாலு துணி மாத்தி மாத்தி வேணும். நீங்க தினமும் குளிங்க. மேல கம்பளி போத்தியிருந்தா எடுத்துடுங்க, கட்டும் ஒரு போர்வையும் போதும். ஃபேன் நேரா படாம லேசா ஓடலாம்.

சுகுமார்75 | நவம்பர் 17, காலை 6.15

சந்தோஷம்மா. பல்பு நான் சொன்னது தப்பு தான். எங்க பேரனுக்கு ஒண்ணும் ஆகலன்றதால சொல்லிட்டேன்.

முல்லைக்கொடி | டிசம்பர் 10, மதியம் 1.50

ரொம்ப நாள் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கோங்க. நவம்பர் 23ல 2.07, இன்னிக்கு 2.52. கண்ணு ரெண்டாவது டெஸ்ட் நல்லா வளருதுன்னாங்க, இன்னும் ஒரு தடவ வரச் சொல்லிருக்காங்க. பாலாடை நிறுத்தியாச்சு, மார்லயே இருவது நிமிஷம் குடிக்கிறா.

நாலு நாளா கட்டினதும் கைய வெளிய இழுக்குறா, காலால என் வயித்த உதைக்கிறா, திரும்ப உள்ள வச்சா அழறா. எடுத்துப் பக்கத்துல போட்டா அமைதியா இருக்கா, காலும் சூடா தான் இருக்கு. இன்னும் பண்ணணுமா?

மாமியார் இப்ப சாயங்காலம் ஒரு மணி நேரம் அவங்க நெஞ்சுல போட்டுக்கறாங்க, அப்ப மட்டும் உதைக்க மாட்டேங்குறா.

நர்ஸ்_அக்கா | டிசம்பர் 10, இரவு 8.45

அவளே போதும்னு சொல்றா. 2.5 தாண்டியாச்சு, கணக்குப்படி பொறக்க வேண்டிய தேதியும் தாண்டியாச்சு, கட்டாயம் இல்ல. குளிப்பாட்டின பிறகு, மழை ராத்திரில, அவளுக்கு பிடிச்ச நேரத்துல போட்டுக்கலாம். அத்தை நெஞ்சுல அமைதியா இருந்தா அது நடக்கட்டும்.

வேலூர்_கவி | டிசம்பர் 11, காலை 9.20

முழுக்க படிச்சேன். எங்க அக்காவுக்கு நேத்து ராத்திரி 1.3 கிலோ பையன், ஆக்சிஜன் டியூப் வச்சிருக்காங்க, மூக்கு வழியா பால் டியூபும் இருக்கு. இப்பவே நெஞ்சுல போடக் கேக்கலாமா, இல்ல டியூப் எடுத்த பிறகா?

நர்ஸ்_அக்கா | டிசம்பர் 11, காலை 11.05

இன்னிக்கே கேளுங்க கவி. டியூப் இருக்குறதாலயே முடியாதுன்னு கெடயாது, மூச்சு எவ்ளோ நிலையா இருக்குன்னு டாக்டர் பாத்து சொல்வாங்க, டியூப நகராம பிடிச்சு நர்ஸ் தான் எடுத்து வைப்பாங்க. அக்காவ முன்னாடி திறக்குற நைட்டி போட்டுட்டு வரச் சொல்லுங்க.